எந்த பிளாக்குங்க?

மருந்துக்கடைச் சீட்டு ஒன்றில் முகவரி இப்படி அச்சாகி வருகிறது:

```
Flat 3B, New No 8, 3rd Street, A
```

அவ்வளவுதான். அதற்கு அடுத்த வரியில் மாத்திரைகளின் பெயர் தொடங்கிவிடுகிறது. உதாரணத்துக்காக நான் கட்டிய முகவரி இது. ஆனால் சென்னை அண்ணா நகரில் டெலிவரி வண்டி ஓட்டுகிற யாரிடம் காட்டினாலும் அந்தக் கடைசி ‘A’யைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அந்தப் பகுதியைப் பிளாக் பிளாக்காகப் பிரித்து ஆங்கில எழுத்துகளில் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒற்றை எழுத்துகள் போதாமல் ஏ.ஏ., ஏ.பி., ஏ.சி. என்று இரட்டை எழுத்துகளிலும் பிளாக்குகள் உண்டு. தெருக்களுக்கோ பெரும்பாலும் எண்தான் பெயர், அந்த எண்ணும் பிளாக்குக்குப் பிளாக் புதிதாகத் தொடங்கும். ஆகவே அண்ணா நகரில் ‘3வது தெரு’ என்றால் அது ஒரு தெரு அல்ல, பல தெரு. சீட்டில் நிற்கும் ‘A’ ஏ பிளாக்காக இருக்கலாம், ஏ.இ. பிளாக்காக இருக்கலாம். வாடிக்கையாளர் பிளாக்கையே எழுதாமல் நேரே ‘Anna Nagar’ என்று தொடங்கியிருந்தால், அதன் முதல் எழுத்தாகவும் இருக்கலாம்.

இந்த இடத்தில் வழக்கமாக என்ன நடக்கிறது? வண்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய், இரண்டு தெரு சுற்றி, யாரோ ஒருவர் வீட்டு காலிங் பெல்லை அழுத்தித் திட்டு வாங்கி, அதற்குப் பிறகு போன்: “சார், அட்ரஸ் சொல்லுங்க.”

வாடிக்கையாளருக்கு எரிச்சல் அந்த மூன்று சொல்லில்தான் தொடங்குகிறது. அவர் முகவரியை ஏற்கெனவே முழுதாகக் கொடுத்துவிட்டார். அவருடைய போனைத் திறந்து பார்த்தால் பிளாக், பகுதி, பின்கோடு எல்லாம் குறையில்லாமல் இருக்கிறது. பாதியில் வெட்டுப்பட்டது இந்தப் பக்கம் மட்டும்தான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் கணக்கில், போன் செய்கிற ஆள் எழுதியிருப்பதைப் படிக்கச் சோம்பல்பட்டவர். இவர் கணக்கில், வாடிக்கையாளர் அரைகுறையாக எழுதியவர். இரண்டு பேரும் நியாயமாகவே கோபப்படுகிறார்கள், இரண்டு பேரும் வேறு வேறு காகிதத்தைப் பார்த்துக்கொண்டு.

அதனால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, முகவரி எந்த இடத்தில் வெட்டுப்பட்டது என்பது. அதைப் பொறுத்துத்தான் வாடிக்கையாளரைக் கேட்க வேண்டுமா, வேண்டாமா என்பதே முடிவாகும்.

மேலே உள்ள வரியில் எழுத்துகளையும் இடைவெளிகளையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். சரியாக 32 வரும். கடைகளில் இருக்கும் சின்ன பில் மெஷினில் ஓடுவது 58 மில்லிமீட்டர் அகலச் சுருள். வழக்கமான எழுத்து அளவில் அந்தத் தாளில் ஒரு வரிக்கு 32 எழுத்துதான் கொள்ளும். மிச்சத்தை அடுத்த வரிக்கு மடக்கி அச்சிடும் பில்லிங் மென்பொருளும் உண்டு, வரி நிரம்பியதும் அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. சீட்டில் முகவரி தாளின் வலது ஓரம் வரை ஒட்டிப் போய் நின்றிருந்தால், அநேகமாக இதுதான் காரணம். அப்படியானால் மீதி முகவரி எங்கும் தொலைந்து போகவில்லை, கடைக்குள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. “அண்ணே, இந்த பில்லைக் கொஞ்சம் ஸ்கிரீன்ல திறந்து காட்டுங்க” என்று கல்லாவில் கேட்டால் ‘ஏ.இ. பிளாக், 3வது தெரு’ என்று நொடியில் தெரிந்துவிடும். கடையை விட்டுக் கிளம்பும் முன் கேட்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. நான்கு கிலோமீட்டர் தள்ளிப் போய்க் கடைக்குப் போன் செய்தால், கல்லாவில் கூட்டம் நிற்கும்.

ஆப் வழியாக வரும் ஆர்டரில் இன்னொரு வகை வெட்டு உண்டு. அதைக் கண்டுபிடிப்பது சுலபம்: முகவரியின் கடைசியில் மூன்று புள்ளி நிற்கும். திரையில் இடம் இல்லாததால் ஆப் சுருக்கிக் காட்டுகிறது என்று அதற்குப் பொருள். அந்த வரியைத் தொட்டாலோ, ஆர்டர் விவரப் பக்கத்தைத் திறந்தாலோ முழு முகவரியும் விரியும். போனில் எழுத்து அளவைப் பெரிதாக வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். வெயிலில் ஹெல்மெட் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து படிக்கிறவர்கள் எழுத்தைப் பெரிதாக்கத்தான் செய்வார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மூன்று புள்ளியைப் பார்த்த பிறகும் வாடிக்கையாளருக்குப் போன் போட்டால், அவர் நினைப்பது இந்த முறை சரியாகவே இருக்கும்.

மூன்றாவது வகை கொஞ்சம் சூட்சுமமானது. ஆப்பில் முகவரி முழுதாக இருக்கிறது, ‘வழி காட்டு’ பொத்தானை அழுத்தி மேப் திறந்ததும் பாதிதான் இருக்கிறது. நம்மில் பலர் கதவு எண்ணுக்கு முன்னால் # குறி போடுவோம், கடைப்பெயரில் & வரும். இந்த இரண்டு குறிகளுக்கும் இணைய இணைப்பு முகவரிக்குள் வேறு வேலை இருக்கிறது. ஆப்பைச் செய்தவர்கள் அதைக் கவனித்து மாற்றி அனுப்பாவிட்டால், அந்தக் குறியோடு முகவரி அறுந்துவிடும், பின்னால் இருப்பது மேப்புக்குப் போய்ச் சேராது. ஆப்பில் உள்ள வரியும் மேப்பின் தேடல் கட்டத்தில் உள்ள வரியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும். இல்லையென்றால் ஆப்பிலிருந்து நகலெடுத்து மேப்பில் கையால் ஒட்டித் தேடலாம்.

இத்தனையும் பார்த்த பிறகும், தொட்டாலும் விரியாமல், புள்ளியும் இல்லாமல், ‘A’ என்று மொட்டையாக நிற்கிறது என்றால், அது உண்மையாகவே தொலைந்த முகவரி. எங்கோ ஒரு கணினியில் முகவரிக்கு என்று ஒதுக்கிய கட்டம் நிரம்பி, மிச்சம் சேமிக்கப்படாமலே போய்விட்டது. ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொரு கூரியருக்குத் தகவல் கைமாறும்போது இப்படி நடக்கும். இதில் மீதியை வாடிக்கையாளரிடம்தான் கேட்க வேண்டியிருக்கும்.

தமிழில் எழுதிய முகவரி இப்படி வெட்டுப்பட்டால் கூடுதலாக ஒரு எச்சரிக்கை வேண்டும். நாம் ‘தெரு’ என்பதை இரண்டு எழுத்தாகப் படிக்கிறோம். கணினி அதை நான்கு குறிகளாக வைத்திருக்கிறது: த, அதற்குரிய கொம்பு, ர, அதற்குரிய உகரக் குறி. பரவலாகப் புழங்கும் சேமிப்பு முறையில் அந்த நான்கும் 12 பைட் பிடிக்கும். ஆங்கில ‘Street’ ஆறே பைட். கட்டத்தின் அளவை பைட்டில் வைத்திருந்தால் தமிழ் முகவரி சீக்கிரமே நிரம்பி வெட்டுப்படும். அதைவிட முக்கியம், வெட்டு ஓர் எழுத்தின் நடுவிலேயே விழலாம். ‘கோவில் தெரு’ என்பது முதல் குறியோடு நின்றால் திரையில் ‘க’ என்றுதான் தெரியும். அதைப் பார்த்து ‘கம்பர் தெரு’வாக இருக்கும், ‘கண்ணகி தெரு’வாக இருக்கும் என்று ஊகிப்பது வீண். க, கா, கி, கு, கோ எதுவாகவும் இருந்திருக்கலாம். தமிழில் வெட்டுப்பட்ட முகவரியில் கண்ணுக்குத் தெரியும் கடைசி எழுத்தை நம்பக் கூடாது. முடிவில் ஒரு கறுப்புக் கட்டமோ கேள்விக்குறியோ இருந்தால், வெட்டு அநேகமாக எழுத்தின் நடுவில் விழுந்திருக்கிறது.

சரி, நம் ‘A’வுக்கு வருவோம். ஆப்பில் வந்த ஆர்டர், மீதி தொலைந்துவிட்டது. போனை எடுக்கும் முன் கையில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கலாம்.

முதலில் பின்கோடு. முகவரி வெட்டுப்பட்டாலும் பின்கோடு தப்பிவிடுவதுண்டு, ஏனென்றால் பல படிவங்களில் அதற்குத் தனிக் கட்டம். இந்திய அஞ்சல் துறை 1972இல் கொண்டுவந்த இந்த ஆறு இலக்கத்தில் முதல் மூன்று சென்னைக்கு 600, கடைசி மூன்று எந்த அஞ்சலகம் என்று சொல்லும். அண்ணா நகர் என்றே மூன்று விதமாக வரும்: 600040 அண்ணா நகர், 600102 கிழக்கு, 600101 மேற்கு விரிவு. இதைப் பார்த்தாலே தேட வேண்டிய பரப்பு சுருங்கிவிடும். ஆனால் பின்கோடு தெருவைக் காட்டாது. அதை வைத்து வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்யலாம், எந்த வாசலில் நிறுத்துவது என்று முடிவு செய்ய முடியாது.

அடுத்து மேப்பில் இருக்கும் புள்ளி. வாடிக்கையாளரே விரலால் நகர்த்தி வைத்த புள்ளி என்றால் அநேகமாக ஒரு கட்டடத்தின் மேல் இருக்கும். முகவரியைப் படித்து மேப் தானாகப் போட்ட புள்ளி என்றால், கதவு எண்ணைக் கண்டுபிடிக்க முடியாதபோது அது தெருவின் நடுவிலோ அந்தப் பகுதியின் மையத்திலோ போய் உட்கார்ந்துவிடும். புள்ளி ரவுண்டானாவின் நடுவிலோ, பூங்காவுக்குள்ளோ நின்றால் அதை நம்பிப் போகக் கூடாது, ‘இந்தப் பகுதி’ என்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. கட்டடத்தின் மேல் நின்றாலும் ஒரு சந்தேகம் வைத்துக்கொள்வது நல்லது. அலுவலகத்தில் இருந்தபடியே அம்மா வீட்டுக்கு மருந்து அனுப்புகிறவரின் போன், அலுவலகத்தையே காட்டியிருக்கலாம்.

இப்போது தெரிந்தது: அண்ணா நகர், 3வது தெரு, புது எண் 8, வீடு 3பி. தெரியாதது ஒன்றே ஒன்று, பிளாக். இனி வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டியது முகவரியை அல்ல, அந்த ஒன்றை மட்டும்.

எப்போது கேட்பது என்பதில் என் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது. பொருளைக் கையில் வாங்கியதும், வண்டியை எடுப்பதற்கு முன். சாப்பாட்டு ஆர்டர் என்றால் ஓட்டலில் பொட்டலம் கட்டக் காத்திருக்கும் நேரம் பொன்னான நேரம். ஆர்டர் போட்டவர் அப்போதுதான் போனைக் கீழே வைத்திருப்பார், பசி இன்னும் கோபமாக மாறியிருக்காது. கூரியர் பார்சல் என்றால் காலையில் பைகளை அடுக்கும்போதே, மொட்டையாக நிற்கும் முகவரிகளைத் தனியாக எடுத்து வைத்துச் செய்தி அனுப்பிவிடலாம். மதியம் அந்தப் பக்கம் போவதற்குள் பாதிப் பேராவது பதில் போட்டிருப்பார்கள். தெருமுனைக்குப் போன பிறகு கேட்டால் கேள்வி அதே கேள்விதான், ஆனால் கேட்பவர் குரலில் அவசரம் இருக்கும், பின்னால் ஹாரன் சத்தம் இருக்கும், கேட்பவருக்கு ‘இவர் தொலைந்துவிட்டார்’ என்ற எண்ணம் வரும்.

அழைப்பதற்கு முன் செய்தி அனுப்புவது மரியாதை மட்டுமல்ல, பிளாக் எழுத்து மாதிரியான விஷயத்துக்குச் செய்திதான் பாதுகாப்பு. காதில் கேட்டால் தப்பாகும் எழுத்து, கண்ணில் பட்டால் தப்பாகாது. ஆனால் அந்தச் செய்தியை எழுதுவதிலும் ஒரு சின்ன வித்தை இருக்கிறது. வாடிக்கையாளர் போனின் பூட்டுத் திரையில் முதல் ஒன்றிரண்டு வரிதான் தெரியும். “வணக்கம் நான் உங்கள் டெலிவரி பார்ட்னர் பேசுகிறேன் உங்கள் ஆர்டரை எடுத்துவிட்டேன்” என்று தொடங்கினால், கேள்வி வருவதற்குள் செய்தியே வெட்டுப்பட்டுவிடும். வெட்டுப்பட்ட முகவரியைப் பற்றி வெட்டுப்பட்ட செய்தி. எனவே கேள்வியை முதலில் வைக்க வேண்டும்:

“எந்த பிளாக்குங்க? உங்க மருந்து டெலிவரி. அட்ரஸ் ‘New No 8, 3rd Street, A’ வரைக்கும்தான் எங்களுக்கு வந்திருக்கு.”

இதில் மூன்று காரியம் நடக்கிறது. பதில் ஒரே சொல்லில் முடியும் என்று அவருக்கு உடனே தெரிகிறது. தமக்கு வந்ததைக் காட்டுவதால், இவர் படிக்காமல் கேட்கவில்லை, நிஜமாகவே அறுந்துதான் வந்திருக்கிறது என்று புரிகிறது. ‘எங்களுக்கு வந்திருக்கு’ என்பதில் குற்றம் அவர் மேல் விழவில்லை. ‘நீங்க அட்ரஸ் சரியா போடல’ என்று ஒரு சொல் சேர்த்தால் போதும், அடுத்த ஐந்து நிமிடம் முகவரியைப் பற்றி இல்லாமல் யார் மேல் தப்பு என்பதைப் பற்றிப் போகும்.

‘பிளாக்குங்க’ என்பதில் இருக்கும் ‘ங்க’ செய்தியில் ரொம்ப உதவி. பெயரை மட்டும் வைத்து எதிரில் இருப்பவர் ஆணா பெண்ணா, இளையவரா பெரியவரா என்று சொல்ல முடியாது. ஆர்டர் மகன் பெயரில் இருக்கும், போனை எடுப்பவர் தாயாராக இருப்பார். குரல் கேட்ட பிறகு ‘சார்’, ‘மேடம்’, ‘அம்மா’ எது பொருந்துமோ அதைச் சொல்லலாம். அதற்கு முன் ‘ங்க’ யாரையும் புண்படுத்தாது.

செய்திக்குப் பதில் இல்லை என்றால் அழைக்கத்தான் வேண்டும். வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு. கன்னத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டு பேசினால் எதிர்முனைக்குக் கேட்பது காற்று மட்டும்தான், ஆபத்து வேறு. பேச்சு இவ்வளவு போதும்:

“வணக்கங்க, மருந்துக்கடையிலிருந்து டெலிவரி. அண்ணா நகர், 3வது தெரு, புது நம்பர் 8 வரைக்கும் அட்ரஸ் இருக்கு. அதுக்கப்புறம் கட்டாயிடுச்சு. எந்த பிளாக்குங்க?”

“ஏ.இ. பிளாக்.”

“ஏ.இ. இ ஃபார் எலிஃபன்ட்தானேங்க?”

“ஆமா, எலிஃபன்ட்.”

“சரிங்க, ஏ.இ. பிளாக் 3வது தெரு, புது நம்பர் 8. இப்ப கிளம்புறேன்.”

இதில் ‘ஏ பிளாக்தானே சார்?’ என்று கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அப்படிக் கேட்டால் டிவி பார்த்துக்கொண்டே, குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே “ஆமா ஆமா” என்று சொல்லிவிடுவார்கள். காதில் விழுந்தது ‘ஏ’ மட்டும், அவர்கள் பிளாக்கும் ஏ.இ.தான், சந்தேகம் வர வாய்ப்பே இல்லை. விடையைக் கேள்விக்குள் வைத்துக் கொடுத்தால் திரும்பி வருவது விடை அல்ல, தலையாட்டல். விடுபட்டதை அவர் வாயாலேயே சொல்ல வைத்து, அதற்குப் பிறகு நாம் திருப்பிச் சொல்வதுதான் சரி. ‘இ ஃபார் எலிஃபன்ட்’ பள்ளிக்கூட விளையாட்டு மாதிரி இருந்தாலும் அவசியம். பி, சி, டி, இ, ஜி, பி என்று பல ஆங்கில எழுத்துகள் போனில் ஒரே மாதிரி முடிகின்றன. ஏ.பி. பிளாக் என்று கேட்டது எந்த ‘பி’ என்பதே தெரியாது: பி ஃபார் பாம்பேயா, பி ஃபார் பெங்குயினா? எண்களிலும் அப்படித்தான். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் போனில் ஒன்றுபோல ஒலிக்கும். ‘ஒன் ஃபைவ்’ என்று உடைத்துத் திருப்பிச் சொன்னால் குழப்பம் இல்லை.

“லேண்ட்மார்க் சொல்லுங்க” என்று தொடங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அது கதை கேட்பது. “சிக்னல்லேர்ந்து வந்தீங்கன்னா ரைட்ல ஒரு மெடிக்கல் இருக்கும், அதைத் தாண்டாதீங்க” என்று தொடங்கி, அவர் வழக்கமாக எந்தப் பக்கத்திலிருந்து வீட்டுக்கு வருவாரோ அந்தப் பக்கத்து வழியைச் சொல்வார். நாம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருப்போம், ரைட் எல்லாம் லெஃப்ட் ஆகிவிடும். தெருப்பலகையே இல்லாத புது மனைப்பிரிவுகளில் அடையாளம் கேட்காமல் முடியாதுதான். அங்கேயும் வழியைக் கேட்பதைவிட வாசலைக் கேட்பது நல்லது: “கேட் என்ன கலருங்க, கீழே கடை ஏதாவது இருக்கா?”

எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையில் வீடுகளுக்குப் புது எண், பழைய எண் என்று இரண்டு உண்டு. பல வாசல்களில் இன்னும் பழைய எண்தான் பெரிதாக எழுதியிருக்கும். முகவரி ‘8/’ என்று சாய்கோட்டோடு நின்றிருந்தால், தொலைந்தது இன்னொரு எண், இருப்பது புதிதா பழையதா என்பதும் தெரியாது. பிளாக் கேட்கிற அதே அழைப்பில் “8 புது நம்பருங்களா, பழசுங்களா?” என்று சேர்த்துக் கேட்டுவிட வேண்டும். இரண்டாவது அழைப்புக்கு வாடிக்கையாளரிடம் மிச்சம் இருக்கும் பொறுமை, முதல் அழைப்பில் இருந்ததில் பாதிகூட இருக்காது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கூரியர் என்று சொல்லிப் போன் செய்து, ‘உங்க அட்ரஸ் சரியில்லை, இந்த லிங்க்கை அழுத்துங்க’, ‘ஓ.டி.பி. சொல்லுங்க’ என்று பணத்தைச் சுருட்டும் கும்பல்களைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். நிஜமான டெலிவரி ஆள் கேட்கும் கேள்வியும் மோசடிக்காரர் கேட்கும் கேள்வியும் முதல் வாக்கியத்தில் ஒன்றுபோலவே இருக்கின்றன: முகவரியில் ஏதோ குறை. அதனால் எடுத்த எடுப்பில் எரிந்து விழுகிற வாடிக்கையாளர் உங்கள் மேல் கோபப்படாமல், பயந்துகூடப் போயிருக்கலாம். எந்தக் கடை, எது வரைக்கும் முகவரி இருக்கிறது என்பதை முதலில் சொல்வது அந்தப் பயத்தையும் குறைக்கிறது. ஓ.டி.பி. என்ற சொல் இந்த அழைப்பில் வரவே கூடாது, அது வாசலில் பொருளைக் கையில் கொடுக்கும்போது கேட்க வேண்டியது. லிங்க் எதுவும் அனுப்பக் கூடாது. அப்படியும் சந்தேகப்படுகிறவரிடம் “ஆப்புக்குள்ள சாட்ல போட்டுடுங்க, போதும்” என்று சொன்னால் அவருக்கும் நிம்மதி.

‘வாட்ஸ்அப்ல லொகேஷன் போடுங்க’ என்பது பலருக்கு முதல் ஆயுதம். நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். பல ஆப்கள் இருவருடைய எண்ணையும் மறைத்து, இடையில் ஒரு பொது எண் வழியாக இணைக்கின்றன. ஆர்டர் முடிந்ததும் அந்த இணைப்பு அறுந்துவிடும். வாட்ஸ்அப்புக்கு வா என்றால் அந்த மறைப்பு போய்விடும். தனியாக இருக்கும் பெண்கள் தயங்குவதில் வியப்பில்லை. தவிர, லொகேஷன் காட்டுவது போன் இருக்கும் இடத்தை, வீட்டை அல்ல. கேட்டே ஆக வேண்டும் என்றால் “இப்ப வீட்லதான் இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டுக் கேளுங்கள்.

போன் எடுக்கவில்லை, செய்திக்கும் பதில் இல்லை. இடைவெளி விட்டு இரண்டு முறை அழைப்பது நியாயம். ஐந்து முறை தொடர்ந்து அழைத்தால், கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர் வெளியே வந்து எடுக்கும்போது என்ன குரலில் பேசுவார் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரத்தில் பின்கோடு காட்டும் பகுதிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். அங்கே தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரும், அபார்ட்மென்ட் வாட்ச்மேனும், தபால்காரரும் மேப்பைவிட நன்றாக இடம் அறிந்தவர்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது இடத்தை: “அண்ணே, 3வது தெரு எந்தெந்த பிளாக்ல புது நம்பர் 8ல அபார்ட்மென்ட் இருக்கு?” வீடு 3பி என்பதால் அது தனி வீடாக இருக்க வாய்ப்பில்லை, மூன்றாம் மாடியோ மூன்றாவது வரிசையோ உள்ள கட்டடம். இப்படித் தள்ளிக்கொண்டே வந்தால் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். வாடிக்கையாளரின் பெயரையும் போன் நம்பரையும் தெருவில் சத்தமாகப் படித்துக் கேட்பது வேண்டாம். இன்ன வீட்டுக்கு இன்ன மருந்து வருகிறது என்பது தெருவுக்குத் தெரிய வேண்டிய செய்தி அல்ல.

அப்படியும் உறுதியாகவில்லை என்றால் ஊகத்தில் யார் வாசலிலும் வைத்துவிட்டு வரக் கூடாது, மருந்து என்றால் நிச்சயமாகக் கூடாது. ஆப்பில் ‘வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை’ என்று பதிவு செய்து, உதவி மையத்துக்கு “முகவரி A என்ற எழுத்தோடு முடிகிறது, பிளாக் இல்லை” என்று எழுதி, திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். ‘அட்ரஸ் தப்பு’ என்று மட்டும் எழுதினால் வாடிக்கையாளர் தப்பு செய்ததாகப் பதிவாகும், அவர் மறுப்பார், கடைசியில் கேள்வி உங்களிடமே திரும்பி வரும். எந்த எழுத்தில் நின்றது என்று எழுதினால், கோளாறு எங்கே என்று தேடுகிறவருக்கும் அதுவே துப்பு.

பொருளைக் கொடுத்து முடித்த பிறகு வாசலில் அரை நிமிடம் கிடைத்தால், அங்கேதான் ஒரு யோசனை சொல்லலாம். போனில் சொன்னால் குறை சொல்வது மாதிரி இருக்கும், பையைக் கையில் வாங்கிய பிறகு சொன்னால் உதவி மாதிரி இருக்கும். நம் ஊர் முகவரியைச் சின்னதிலிருந்து பெரியதுக்கு எழுதிப் பழகிவிட்டோம், வெட்டு எப்போதும் வாலில்தான் விழுகிறது. அண்ணா நகரில் உயிர்நாடியான பிளாக் அந்த வாலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ‘Flat’, ‘No’, ‘Street’ போன்ற சொற்கள் இல்லாமலே வீடு கண்டுபிடிக்கலாம், அவை இடத்தைத்தான் அடைக்கின்றன. அதே வீட்டை இப்படி எழுதினால்:

```
3B, New 8, AE Blk 3rd St, 600040
```

இதுவும் எண்ணிப் பார்த்தால் 32தான். பிளாக்கும் தெருவும் 24வது எழுத்துக்குள் முடிந்துவிடுகின்றன. அந்தச் சின்னச் சுருளிலேயே பின்கோடு வரை முழு முகவரியும் அச்சாகும்.